ஒரு நெய் லட்டின் அடக்க விலை: நெய் எங்கே போகிறது?

ஸ்வீட் கடைகளில் லட்டுக்கு அடக்கம் போடும் விதம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பத்துக் கிலோ கடலை மாவு, இருபது கிலோ சர்க்கரை, “நெய் ஒரு மூணு கிலோ இழுக்கும்”, முந்திரி, திராட்சை, ஏலக்காய். மொத்தம் நாற்பது கிலோ லட்டு வரும், நாற்பது கிராம் லட்டாகப் பிடித்தால் ஆயிரம். ஒரு லட்டுக்குச் சரக்குச் செலவு 4 ரூபாய் 44 காசு. கணக்கு முடிந்தது.

அதே பத்துக் கிலோ மாவை அடுப்பில் ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் எடை போட்டுப் பார்த்தால் லட்டுக்கு 6 ரூபாய் 87 காசு வருகிறது. சரக்கும் சமையலும் ஒன்றேதான், திருட்டும் கிடையாது. கூடுதலாக வந்த 2 ரூபாய் 43 காசும் எண்ணெய்ச் சட்டியிலும் பாகுச் சட்டியிலும் லட்டு பிடிக்கிற கையிலும் போனது. அதில் பெரும் பங்கு நெய்.

விலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் மொத்த விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கடலை மாவு கிலோ 95 ரூபாய், சர்க்கரை 44, நெய் 620, பாமாயில் 130, முந்திரி உடைசல் 800, உலர் திராட்சை 400. ஏலக்காய், கிராம்பு, பச்சைக் கற்பூரம் எல்லாம் சேர்ந்து இந்த அளவுக்கு 160 ரூபாய். டைமண்ட் கல்கண்டு 300 கிராம், 30 ரூபாய்.

நெய்யில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. நெய் சில இடத்தில் லிட்டர் கணக்கிலும் சில இடத்தில் கிலோ கணக்கிலும் வருகிறது. ஒரு லிட்டர் நெய்யின் எடை சுமார் 910 கிராம்தான். லிட்டர் 620 ரூபாய்க்கு வாங்கிவிட்டு அதையே கிலோ விலை என்று எழுதினால் கிலோவுக்கு 61 ரூபாய் அடக்கத்தில் காணாமல் போகும். பட்டறையில் முகந்து அளக்கிற பழக்கம் இருந்தால் இந்தப் பிழை நாள்தோறும் நடக்கும். நெய்யைத் தராசில் மட்டுமே அளப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

சட்டிக்குள் நடப்பது

பத்துக் கிலோ மாவைச் சலித்து, ஏறக்குறைய பதினொரு லிட்டர் தண்ணீர் விட்டுக் கரைத்தால் 21 கிலோ மாவுக் கரைசல். மாவிலேயே பத்தில் ஒரு பங்கு ஈரம் உண்டு. ஆக, சட்டியில் விழுவதில் பாதிக்கு மேல் தண்ணீர். பூந்தி வேகும்போது அந்தத் தண்ணீரில் ஏறக்குறைய 11 கிலோ ஆவியாக வெளியேறுகிறது. தண்ணீர் வெளியேறிய இடத்தில் நெய் புகுகிறது. பூந்தி நெய் குடிப்பதன் அடிப்படை இதுதான். கரைசலில் தண்ணீர் கூடக் கூட நெய்யும் கூடும், கேஸும் கூடும்.

லட்டுப் பூந்தியை மொறுமொறுவென்று விடாமல், வெந்து, மெத்தென்று இருக்கும்போதே எடுக்க வேண்டும். அந்தப் பதத்தில் பத்துக் கிலோ மாவு சுமார் பதின்மூன்றரைக் கிலோ பூந்தியாகும். அதில் மாவின் உலர்ந்த சத்து எட்டே முக்கால் கிலோ அளவில் இருக்கும், கொஞ்சம் ஈரம் தங்கியிருக்கும், மீதி நாலு கிலோ நெய். “மூணு கிலோ இழுக்கும்” என்று சொல்கிறவர் பூந்திக்குள் போனதையே குறைத்துச் சொல்கிறார். பூந்திக்குள் போகாமல் வீணான நெய் அவர் கணக்கில் வரவே இல்லை.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எடை போடுவது. சூடான சட்டியைத் தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. டின்னிலிருந்து ஊற்றும்போதே நெய்யை எடை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு துணியில் வடிகட்டி, மிஞ்சியதை எடை போடுங்கள். நாம் எடுத்துக்கொண்ட ஈட்டில் 15 கிலோ ஊற்றி, 10.2 கிலோ திரும்பக் கிடைத்தது. செலவு 4.8 கிலோ. பூந்திக்குள் 4 கிலோ. துணியில் தங்கிய கசண்டு 600 கிராம் இருந்தது; அதில் பாதி கருகிய மாவுத் தூள், பாதி நெய். அங்கே 300 கிராம். மீதி அரைக் கிலோ கரண்டியிலும், வடிதட்டிலும், துணியிலும், தெறிப்பிலும், டின்னின் உட்சுவரிலும் ஒட்டியது. உறைந்த நெய் டின்னைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. வெயிலிலோ வெந்நீரிலோ வைத்து உருக்கி வடித்தால் டின்னுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும்.

பூந்தியை அரிகரண்டியில் அள்ளியதும் நேரே பாகில் கொட்டுகிற அவசரம் நிறைய சரக்கு மாஸ்டர்களிடம் உண்டு. ஓட்டைத் தட்டில் சட்டியின் மேலேயே சில நிமிடம் வடியவிட்டால் ஈட்டுக்கு முந்நூறு கிராம் அளவுக்கு நெய் சட்டிக்கே திரும்பும். வடிய விடாமல் போட்டால் அந்த நெய் பாகோடு சேர்ந்து அண்டாவின் அடியில் தேங்கும். லட்டு பிடிக்கும்போது கையில் வழியும். “நெய் வழியுது, நல்ல லட்டு” என்று சிலர் மகிழ்வார்கள். சூடாகப் பூந்தி இழுக்க வேண்டிய பாகை நெய்ப்படலம் தடுப்பதால் அந்த லட்டு உள்ளே வறண்டிருக்கும் என்பதை மறுநாள் உடைத்துப் பார்த்தால் தெரியும்.

நெய் அதிகம் குடிப்பதற்குக் காரணங்கள் நான்கைந்துதான், ஒவ்வொன்றுக்கும் பூந்தியிலேயே அடையாளம் இருக்கும்.

கரைசல் நீர்த்துப் போனால் பூந்தி உருண்டையாக வராமல் தட்டையாக விழும். தட்டைப் பூந்திக்கு மேற்பரப்பு அதிகம், நெய்யும் அதிகம். கரைசல் கெட்டியானால் வால் முளைக்கும். இதில் நெய் இழப்பு பெரிதில்லை, ஆனால் கண் அடைபட்டு, கரண்டியைத் தட்டித் தட்டிப் போடுவதில் சூடு இறங்கிவிடும். சரியான கரைசல், பூந்திக் கரண்டியில் ஊற்றியதும் தட்டாமலே சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரே கரைசல் நேரம் ஆக ஆகக் கெட்டியாகும், ஏனென்றால் மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பத்துக் கிலோவையும் ஒரே தடவையில் கரைத்து வைத்துவிட்டு, நடுவில் கண்ணளவில் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில்தான் பெரும்பாலும் அளவு தவறுகிறது. மூன்று தவணையாகக் கரைப்பது மேல்.

சூடு குறைந்தால் பூந்தி அடியில் கொஞ்ச நேரம் கிடந்துதான் மேலே வரும். அந்த நேரம் முழுக்க நெய்யில் ஊறுகிறது. 175, 180 டிகிரியில் சொட்டு விழுந்ததும் மேலே வந்துவிடும். தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சட்டிக்கு மேல் ஒரே தடவையில் அதிகம் தேய்த்துவிட்டால் சூடு சட்டென்று இறங்கும். பூந்தி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதும் இதனால்தான்.

மூன்றாவது சோடா உப்பு. ஒரு சிட்டிகை கூடினால் பூந்தி பொங்கிப் பெரிதாகத் தெரியும். பொங்கிய துளைகளை நிரப்புவது நெய். கண்ணுக்கு அளவு கூடுகிறது, கைக்காசு குறைகிறது. சரியாகக் கரைத்த லட்டுப் பூந்திக்குச் சோடா தேவையே இல்லை என்பது என் முடிவு.

மாவும் ஒரு காரணம். கடலை மாவில் பட்டாணி மாவு கலந்து வருவது பழைய கதை. கலப்பு மாவின் தண்ணீர் இழுக்கும் தன்மை வேறு என்பதால், நேற்றைய அளவுக்கு இன்று பூந்தி ஒத்துவராது. பச்சை வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வெந்த பூந்தி நிறம் வெளிறியிருக்கும். கடலைப் பருப்பு வாங்கி மில்லில் அரைத்துக்கொள்கிற கடைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பூந்தியின் எடையும் ஒரு சோதனைதான். பதின்மூன்றரை வர வேண்டிய இடத்தில் பதினான்கரை வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஒன்று நெய் ஒரு கிலோ கூடுதலாகக் குடித்திருக்கும், அல்லது பூந்தி வேகாமல் ஈரத்தோடு இருக்கும். காகிதத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். பெரிய நெய் வட்டம் வந்தால் முதல் காரணம். வட்டம் சிறிதாக இருந்து, கடித்தால் நடுவில் மாவு ருசி இருந்தால் இரண்டாவது.

அடுத்த நாள் சட்டியில் இருக்கிற நெய்

ஈடு முடிந்ததும் 10.2 கிலோ நெய் மிஞ்சியிருக்கிறது. “அது அப்படியே இருக்கு, செலவில்லை” என்று நினைப்பதில்தான் அடக்கக் கணக்கின் மிகப் பெரிய ஓட்டை. அந்த நெய் இனிமேல் 620 ரூபாய் நெய் இல்லை. ஒவ்வொரு ஈட்டிலும் தண்ணீரும், கருகிய மாவுத் தூளும், சூடும் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. நான்கு ஈட்டுக்குப் பிறகு அதில் லட்டுப் பூந்தி போட்டால் நிறமும் மணமும் காட்டிக்கொடுத்துவிடும். மீதி நெய்யைக் காரபூந்திக்கும் பக்கோடாவுக்கும் பாமாயிலோடு சேர்க்கலாம். அப்போது அதன் மதிப்பு பாமாயில் விலைதான், கிலோ 130. ஒவ்வொரு கிலோவிலும் 490 ரூபாய் தொலைந்தது. அந்தத் தொகை நான்கு ஈட்டு லட்டின் தலையில் விழ வேண்டிய செலவு.

எவ்வளவு தொலையும் என்பது கடைசி ஈட்டில் எவ்வளவு நெய் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் 4.8 கிலோ புது நெய் ஊற்றிப் பதினைந்துக்கு நிரப்பிக்கொண்டே போனால் நான்காவது ஈட்டின் முடிவில் மறுபடி 10.2 கிலோ கையில் நிற்கும். அதன் இழப்பு 4,998 ரூபாய், ஈட்டுக்கு 1,250. நான்காவது ஈட்டுக்கு மட்டும் புது நெய் ஊற்றாமல், இருக்கிற 10.2 கிலோவைக் குறுகிய சட்டிக்கு மாற்றி, பூந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து முடித்தால் மிஞ்சுவது 5.4 கிலோ. இழப்பு 2,646 ரூபாய், ஈட்டுக்கு 662. ஒரு சட்டியை மாற்றுவதால் ஈட்டுக்கு 588 ரூபாய், லட்டுக்கு 62 காசு மிச்சம். அடக்கத்தைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி லட்டில் வேறு கிடையாது. கீழே வரும் கணக்கில் இந்த 662 ரூபாயைத்தான் எடுத்திருக்கிறேன்.

நான்கு ஈடு என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. இடையிடையே மிதக்கிற தூளை அரிகரண்டியால் வாரியெடுத்து, தினமும் வடிகட்டி, மூடி வைக்கிற இடத்தில் ஐந்து வரும். கசண்டை அடியிலேயே விட்டு மறுநாள் அதன் மேல் சூடேற்றுகிற இடத்தில் இரண்டிலேயே நெய் கறுக்கும். நெய் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் தெளிவானவை: பூந்தியை எடுத்த பிறகும் நுரை அடங்காது, வழக்கமான சூட்டிலேயே புகையும், கரண்டியைத் தூக்கினால் பிசுபிசுவென்று இழைபோல இறங்கும். இந்த நிலைக்கு வந்ததைக் காரத்துக்கும் போடக் கூடாது. பொரித்த எண்ணெயில், அது கெடக் கெடக் கூடுகிற துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை அளக்கிற கைக்கருவி உண்டு. கருவி இல்லாதவர் மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்ததுமே நிறுத்திவிடலாம். அப்படி முழுதாகக் கழித்தால் மிஞ்சிய 5.4 கிலோவும் 620 ரூபாய்க் கணக்கில் நஷ்டம் எழுத வேண்டும். ஈட்டுக்கு 837 ஆகும்.

பாகில் போகிற எடை

சர்க்கரை விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் கடைக்காரர் எல்லோரும் பேசுவார்கள். இருபது கிலோவுக்கு நூறு ரூபாய், லட்டுக்குப் பத்தரைக் காசு. ஒரு கிலோ நெய் கூடுதலாகப் போனால் லட்டுக்கு 65 காசு. அதைப் பற்றிப் பேச்சே வராது. சர்க்கரையில் கவனிக்க வேண்டியது அதன் விலையைவிட, அது சுமந்து வருகிற தண்ணீரை.

இருபது கிலோ சர்க்கரைக்கு எட்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் காய்ச்சுகிறோம். 28 கிலோ. கொஞ்சம் பால் தெளித்து அழுக்கு எடுத்து, ஒரு கம்பிப் பதத்தில் இறக்கும்போது 26 கிலோ அளவில் நிற்கும். சூடான பூந்தியும் சூடான பாகும் சேர்ந்து, கிளறி, ஆறி, பிடிக்கிற பக்குவம் வருவதற்குள் இன்னும் இரண்டரைக் கிலோ அளவுக்கு ஆவியாகும். அண்டாவிலும் கரண்டியிலும் அழுக்கிலும் அரைக் கிலோவுக்கு மேல் ஒட்டிப் போகும். பூந்தி 13.5, பாகு 26, கூட்டினால் 39.5, மூன்று கிலோ கழிந்து 36.5. முந்திரி அரைக் கிலோ, திராட்சை 400 கிராம், கல்கண்டு, ஏலக்காய், கடைசியில் உருக்கி ஊற்றும் அரைக் கிலோ நெய் எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் கிலோ ஏறும். கையிலும் தட்டிலும் கால் கிலோ ஒட்டும். முடிவில் 38 கிலோ லட்டு. தாளில் எழுதிய நாற்பது எங்கும் கிடைப்பதில்லை.

பாகு ஒரு கம்பி தாண்டி இரண்டு கம்பிக்குப் போய்விட்டால் இன்னும் இரண்டு கிலோ தண்ணீர் போயிருக்கும். 38 கிலோ 36 ஆகும். ஐம்பது லட்டு குறைந்தது, கேஸும் கூலியும் சேர்ந்த அடக்கத்தில் ஒவ்வொரு லட்டுக்கும் 47 காசு ஏறியது. அது மட்டுமில்லாமல் லட்டு பிடிபடாமல் உதிரும். வேலையாள் வெந்நீர் தெளித்துப் பிடிப்பார். மறுநாள் மேலே வெள்ளை பூத்துக் கல்லாகும். நேர்மாறாக, பதம் வராமல் இறக்கினால் எடை நிற்கும், ஆனால் லட்டு கசிந்து பெட்டியின் அடியை நனைக்கும், மூன்றாம் நாளே புளித்த வாடை வரும், பூஞ்சை கட்டும். எடைக்காகப் பாகை இளக்குவது பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில்தான் முடியும்.

இன்னொரு ஆசையும் எழும். லட்டில் இருப்பதிலேயே மலிவான சரக்கு சர்க்கரை. மாவுக்கு இரண்டு பங்கு என்பதை 2.2 ஆக்கினால், 88 ரூபாய்க்கு இரண்டரைக் கிலோ லட்டு கூடுதலாக வரும்; கேஸும் கூலியும் சேர்ந்த அடக்கத்தில் லட்டுக்கு 44 காசு குறையும். திருப்பதி தேவஸ்தானத்தில் “திட்டம்” என்று சொல்கிற லட்டுச் சரக்கு அளவுப் பட்டியலிலேயே 5,100 லட்டுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை என்றுதான் இருக்கிறது, அதாவது 2.2 பங்கு. ஆனால் அதே திட்டத்தில் நெய் 165 கிலோ. பத்துக் கிலோ மாவுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் நெய்! அவ்வளவு நெய்யும், முந்திரி திராட்சையும் அந்த இனிப்பைத் தாங்குகின்றன. நம் லட்டில் மொத்த நெய் 5.3 கிலோ. சர்க்கரையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் பூந்தி இழுக்க முடியாத பாகு அடியில் தங்கி, அடிப்பக்கத்து லட்டுகள் தித்திப்புக் கட்டிகளாக நிற்கும்.

பிடிக்கிற கை

நாற்பது கிராம் என்று சொல்லிக் கண்ணளவில் பிடித்தால் கை எப்போதும் கூடத்தான் போகும். சராசரி 41.5 கிராம் வந்தால் 38 கிலோவில் 950 லட்டுக்குப் பதில் 915தான். எடைக்கு விற்கிற கடைக்கு இதில் நஷ்டமில்லை. கிலோவுக்கு இருபத்தைந்துக்குப் பதில் இருபத்துநாலு நிற்கும், அவ்வளவுதான். எண்ணிக்கைக்கு விற்கிறவருக்கும், கல்யாணத்துக்கு “இத்தனை லட்டு” என்று ஒப்புக்கொண்டவருக்கும் முப்பத்தைந்து லட்டு போய்விட்டது. பிடிப்பவர் பக்கத்தில் ஒரு சின்னத் தராசு வைத்து, பத்து லட்டுக்கு ஒருமுறை மொத்தமாக 400 கிராம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும். ஒவ்வொன்றாக நிறுக்க ஆரம்பித்தால் கலவை ஆறிவிடும். ஆறிய கலவையில் லட்டு ஒட்டாது.

வால் பூந்தியும் கட்டிப் பூந்தியும் வீணில்லை. கால் பங்கு பூந்தியை எப்படியும் நசுக்கிச் சேர்த்தால்தான் பிடிமானம் வரும். அவற்றை அதற்கு வைத்துக்கொள்ளலாம். கருகியது மட்டும் கழிவு. உதிர்ந்த லட்டை அன்றே, சூடு இருக்கும்போதே, அடுத்த கலவையில் சேர்க்க வேண்டும். மறுநாள் சேர்த்தால் பூத்த சர்க்கரை புது லட்டையும் பூக்க வைக்கும்.

கணக்கு முழுதாக

கடலை மாவு 950 ரூபாய், சர்க்கரை 880. பொரிப்பில் போன நெய் 4.8 கிலோ, 2,976. கடைசியில் ஊற்றியது அரைக் கிலோ, 310. மிஞ்சிய நெய்யின் தேய்மானம் 662. முந்திரி 400, திராட்சை 160, கல்கண்டும் வாசனைச் சரக்கும் 190. மொத்தம் 6,528. இதை 950 லட்டால் வகுத்தால் 6 ரூபாய் 87 காசு.

தாளில் இருந்த 4 ரூபாய் 44 காசிலிருந்து இங்கே வந்த வழியைப் பார்க்கலாம். மூணு கிலோ என்று எழுதிய நெய் உண்மையில் 5.3 ஆனதால் 1 ரூபாய் 43 காசு. யாரும் எழுதாத தேய்மானம் 66 காசு. ஆயிரம் என்று நினைத்த லட்டு 950 ஆனதால் 34 காசு.

இதற்கு மேல் அடுப்பும் ஆளும். பதினொரு கிலோ தண்ணீரை ஆவியாக்கி, பாகும் காய்ச்ச மூன்று கிலோ அளவுக்குக் கேஸ் போகும். கிலோ 95 ரூபாய் என்றால் 285. ஒரு மாஸ்டர், இரண்டு உதவியாட்கள், அரை நாள், 1,300 ரூபாய். கூட்டினால் 8,113. கிலோவுக்கு 213 ரூபாய் 50 காசு, லட்டுக்கு 8 ரூபாய் 54 காசு. அதில் மாவு ஒரு ரூபாய், சர்க்கரை 93 காசு, முந்திரி முதலியவை 79, கேஸ் 30, கூலி 1 ரூபாய் 37. நெய் மட்டும் 4 ரூபாய் 16 காசு, கிட்டத்தட்ட பாதி.

இது பட்டறை வாசல் வரையான விலை. ருசி பார்க்கக் கொடுத்தது, உடைந்தது, விற்காமல் நின்றது என்று 950-இல் இருபது கழிந்தால் 8 ரூபாய் 72 காசு ஆகும். எடைக்கு விற்கிறவர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: கண்ணாடிப் பெட்டியில் திறந்து வைத்த லட்டு நாளுக்கு நாள் காயும். முதல் நாள் தட்டை நிறுத்து, இரண்டாம் நாள் அதே தட்டை மறுபடி நிறுத்தால் உங்கள் கடையின் காய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அட்டைப் பெட்டியின் எடையை லட்டோடு சேர்த்து அதை ஈடுகட்டக் கூடாது. நிகர எடைதான் சட்டம். பெட்டிக் காசைத் தனியாக அடக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாடகை, மின்சாரம், விற்பனை ஆள், 5 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இதற்குப் பிறகு.

பாமாயிலில் பொரித்தால் என்னாகும் என்று கேட்பவர்களுக்கு: பூந்தி குடிக்கிற அளவு ஏறக்குறைய அதேதான். பொரிப்பில் போகிற 4.8 கிலோ 2,976 ரூபாய்க்குப் பதில் 624. லட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். தேய்மானமும் பெரும்பாலும் மறைந்துவிடும். கடைசியில் நெய்யை ஒரு கிலோவாக ஊற்றினால் மணமும் வரும். நல்ல லட்டுதான், விற்கலாம். ஆனால் அதன் மேல் “நெய் லட்டு” என்று பலகை வைக்கக் கூடாது. வாங்குகிறவர் அந்தப் பெயருக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறார், அந்தக் காசு சட்டியில் இருந்த நெய்க்கான காசு.

புதிதாகக் கணக்கு எழுத ஆரம்பிப்பவர் ஒரு நோட்டில் ஈட்டுக்கு ஐந்தே எண்கள் எழுதினால் போதும்: ஊற்றிய நெய், திரும்பி வந்த நெய், பூந்தியின் எடை, இறக்கிய பாகின் எடை, பிடித்து முடித்த லட்டின் எடை. பத்து ஈடு எழுதிய பிறகு, திரும்பி வந்த நெய் 10.2-லிருந்து 9.5-க்கு இறங்குகிற நாளில், கரைசலா, சூடா, வடியவிடாத அவசரமா என்று அன்றைக்கே சட்டியருகில் நின்று கேட்க முடியும்.